வீடு கட்டும்போது செலவு எங்கே மீறுகிறது: மதிப்பீட்டோடு பில்களை ஒப்பிட்டுக் கணக்கு வைக்கும் முறை

புக்கிட் மெர்தாஜாமில் அப்பா விட்டுச் சென்ற நிலத்தில் 2,400 சதுர அடியில் ஓர் இரட்டை மாடி வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். குத்தகையாளருடன் செய்த ஒப்பந்தத் தொகை 420,000 ரிங்கிட். எதிர்பாராத செலவுகளுக்காக அதில் 5 விழுக்காட்டை, அதாவது 21,000 ரிங்கிட்டைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தேன். நான்காவது கட்டணக் கோரிக்கை வந்த நாளில், அதுவரை 112,500 ரிங்கிட் மட்டுமே செலுத்தியிருந்ததால், செலவு கைக்குள் இருக்கிறது என்றே நம்பினேன். அன்றிரவு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த பில்களையெல்லாம் முதன்முறையாக மதிப்பீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டபோது, ஒதுக்கி வைத்த தொகையில் பெரும்பகுதி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்பது தெரிந்தது.

வேலை மாறிய மாதத்திலேயே மிகைச்செலவு உண்டாகிவிடுகிறது. அதற்கான பணம் உங்கள் கையை விட்டுப் போவது சில மாதங்கள் கழித்துத்தான். அதனால் வங்கிக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது கடைசியில்தான் தெரியவரும். அதை முன்கூட்டியே காண நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட முறையை, புதிதாகக் கட்டப்போகிறவர்களுக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. கையெழுத்திடும் முன்னரே மதிப்பீட்டை வரிவரியாகப் பெறுங்கள்

"சதுர அடிக்கு 175 வெள்ளி, மொத்தம் 420,000" என்று ஒரே தாளில் வரும் கோட்டேஷனை வைத்துக்கொண்டு எந்த மிகைச்செலவையும் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் அந்தத் தொகைக்குள் எவ்வளவு செங்கல், எத்தனை விளக்கு முனைகள், எந்த விலை டைல் அடங்கியிருக்கின்றன என்பதை அது சொல்வதில்லை. குத்தகையாளரிடம் பி.கியூ. எனப்படும் அளவுப் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை எண், விவரம், அளவு, ஓர் அலகின் விலை, மொத்தம் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். சிறிய குத்தகையாளர்கள் சிலர் முதலில் தயங்குவார்கள். ஆனால் விலை சொல்வதற்காக அவர்களே ஏதோ ஒரு கணக்கைப் போட்டுத்தான் இருப்பார்கள் என்பதால், பொறுமையாகக் கேட்டால் கிடைக்கும்.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒரு மஞ்சள் பேனாவை எடுத்து இரண்டு வகை வரிகளைக் குறியுங்கள். முதலாவது, அளவு தற்காலிகமானது என்று எழுதப்பட்ட வரிகள். இவற்றில் வேலை முடிந்தபின் அளந்துதான் பணம் கணக்கிடப்படும். எங்கள் பட்டியலில், அடித்தளத்துக்காகக் கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்கும் பைலிங் அப்படி இருந்தது. இரண்டாவது, பி.சி. விலை என்று குறிக்கப்பட்ட வரிகள். டைல், கழிவறைப் பொருள்கள் போன்றவற்றை நீங்கள் பிறகு தேர்ந்தெடுப்பீர்கள் என்பதால், குத்தகையாளர் ஓர் ஊக விலையை மட்டும் போட்டு வைத்திருப்பார். மஞ்சள் பூசிய இந்த வரிகளில் எழுதப்பட்ட தொகை உறுதியானதன்று. மற்ற வரிகளில் நீங்கள் வேலையை மாற்றாதவரை தொகையும் மாறக் கூடாது. பின்னால் எழும் பெரும்பாலான வாக்குவாதங்கள் இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பார்க்காததால் வருபவை.

இன்னொன்றையும் அப்போதே செய்துவிடுங்கள். ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள செலவுகளை, அதாவது வரைபடக் கட்டணம், பொறியாளர் கட்டணம், நகராண்மைக் கழகக் கட்டணங்கள், தெனாகா மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, வங்கிக் கடனுக்கான வழக்குரைஞர் செலவு ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதுங்கள். இவற்றை ஒப்பந்தத் தொகையோடு கலந்தால், குத்தகையாளரின் கணக்கில் உண்மையில் எவ்வளவு கூடியது என்பதைப் பிரித்தறிய முடியாமல் போகும்.

2. ஒரே தாளில் எட்டுக் கட்டங்கள்

இதற்கென்று விலை கொடுத்து மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை, எக்செல் போதும். பி.கியூ.வில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை. கட்டங்கள் இப்படி அமையட்டும்: A பி.கியூ. எண், B விவரம், C மூல மதிப்பீடு, D எழுத்தில் உறுதியான மாற்றம், E இன்னும் எழுத்தில் வராத, ஆனால் வரும் என்று தெரிந்த மாற்றம், F நீங்களே கடையில் நேரடியாக வாங்கியது, G இறுதி எதிர்பார்ப்பு, H இதுவரை உண்மையில் முடிந்த வேலையின் மதிப்பு.

C கட்டத்தை ஒப்பந்த நாளன்று நிரப்பியபின் ஒருபோதும் தொடாதீர்கள். மாற்றம் வரும்போதெல்லாம் மூல மதிப்பீட்டையே திருத்தி எழுதிவிட்டு, கடைசியில் எங்கிருந்து தொடங்கினோம் என்பது தெரியாமல் நின்ற உறவினர் ஒருவரை நான் அறிவேன். கூடினாலும் குறைந்தாலும் அது D, E ஆகிய கட்டங்களிலேயே பதிவாக வேண்டும். குறையும் தொகையைக் கழித்தல் குறியோடு எழுதுங்கள்.

நேரடியாக வாங்கும் பொருள்களின் ரசீதுகளுக்கு "ரசீது" என்ற இன்னொரு தாளை வைத்து, அதில் நாள், கடை, பி.கியூ. எண், பொருள், ரசீது எண், தொகை ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பதியுங்கள். பிறகு முதல் தாளின் ஐந்தாவது வரிசையில் F, G ஆகிய கட்டங்களுக்கு இந்தச் சூத்திரங்களை எழுதிக் கீழே இழுத்துவிடலாம்:

```
=SUMIFS('ரசீது'!F:F,'ரசீது'!C:C,A5)
=C5+D5+E5+F5
```

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. பி.கியூ.வில் ஏற்கெனவே அடங்கிய ஒரு பொருளை, விலை மலிவாகக் கிடைத்ததென்று நீங்களே வாங்கினால், ஒப்பந்தத்திலிருந்து அந்தத் தொகையைக் கழிக்கும்படி குத்தகையாளரிடம் எழுதி வாங்கி, D கட்டத்தில் கழித்தல் குறியோடு போட வேண்டும். அதை மறந்தால் ஒரே கழிவறைத் தொட்டிக்குக் கடையிலும் ஒருமுறை, ஒப்பந்தத்திலும் ஒருமுறை பணம் கொடுப்பீர்கள்.

3. எந்தத் தாள் எதற்குச் சாட்சி

கோட்டேஷன், டெலிவரி ஆர்டர், இன்வாய்ஸ், ரசீது ஆகிய நான்கும் ஒரே கோப்பில் கிடந்தாலும், ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தையே நிரூபிக்கின்றன. கோட்டேஷன் ஒரு விலை சொல்லப்பட்டது என்பதற்குச் சாட்சி. டி.ஓ. எனப்படும் டெலிவரி ஆர்டர், பொருள் இவ்வளவு வந்து இறங்கியது என்பதற்குச் சாட்சி. அதில் பெரும்பாலும் விலையே இருக்காது. இன்வாய்ஸ் பணம் கேட்கப்பட்டது என்பதையும், ரசீது பணம் பெறப்பட்டது என்பதையும் காட்டும். குத்தகையாளர் ஒரு கட்டு டி.ஓ.க்களைக் காட்டி "இவ்வளவு கம்பி இறக்கியிருக்கேன் சார்" என்று சொல்லும்போது, அவை அந்த நிலத்துக்கு வந்த அளவைச் சொல்கின்றனவே தவிர, உங்கள் கணக்கில் எவ்வளவு சேர வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. நிலையான தொகைக்கு ஒப்பந்தம் செய்திருந்தால், மஞ்சள் பூசாத வரிகளில் அவர் எவ்வளவு கம்பி வாங்கினார் என்பது அவருடைய கணக்கு.

ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் வழுவழுப்பான வெப்பத்தாள் ரசீதுகள் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து, அதன் மேல் பி.கியூ. எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். இந்த ரசீதுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு: நிலம் வாங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் விற்க நேர்ந்து நில இலாப வரி விதிக்கப்பட்டால், கட்டுவதற்குச் செலவிட்டதைக் கழித்துக் காட்ட அவை தேவைப்படும்.

குத்தகையாளரின் இன்வாய்ஸில் சேவை வரி என்று ஒரு வரி இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைகளுக்கு 6 விழுக்காடு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோதிலும், குடியிருப்பு வீடுகளைக் கட்டும் வேலைக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

4. பைலிங்: முதல் மாதத்திலேயே வரும் அடி

செபராங் பிறையில் பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே மென்மையான களிமண் இருப்பதால், சிறிய வீட்டுக்கும் பைல் அடிக்க வேண்டியிருக்கும். எங்கள் பி.கியூ.வில் 150 மில்லிமீட்டர் சதுரக் கான்கிரீட் பைல்கள் 36, ஒவ்வொன்றும் 9 மீட்டர் என்று ஊகித்து, மொத்தம் 324 மீட்டர், மீட்டருக்கு 50 ரிங்கிட் வீதம் 16,200 ரிங்கிட் என்றும், இயந்திரத்தைக் கொண்டுவந்து எடுத்துச் செல்ல 3,000 ரிங்கிட் என்றும் இருந்தது. அளவு தற்காலிகமானது என்பது அதன் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. நான் அதைப் படித்தேன். ஆனால் அதன் பொருளை அப்போது உணரவில்லை.

பைல் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை வரைபடம் தீர்மானிப்பதில்லை, மண் தீர்மானிக்கிறது. சுத்தியலின் கடைசிப் பத்து அடிகளுக்குப் பைல் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதைப் பொறியாளர் ஓர் எல்லையாகக் கொடுத்திருப்பார். அந்த எல்லைக்குள் வரும்வரை அடித்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் நிலத்தில் 9 மீட்டரில் அது நிற்கவில்லை. "பைல் நிக்கல சார், ஆறு மீட்டர் துண்டு ரெண்டு சேர்த்துத்தான் அடிக்கணும்" என்று மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொன்னார். வேலை முடிந்தபின் வந்த பில்லில் 36 பைல்கள், ஒவ்வொன்றும் 12 மீட்டர், மொத்தம் 432 மீட்டர், 21,600 ரிங்கிட் என்று இருந்தது. மண் ஆழமாக இருந்தது உண்மைதான் என்பதால் நான் அப்படியே கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதங்கள் கழித்து, அந்த இரவில்தான் பைலிங் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பைலுக்கும் எண், நாள், பயன்படுத்திய துண்டுகள், இறங்கிய ஆழம், கடைசிப் பத்து அடிகளின் இறக்கம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். எங்கள் பதிவேட்டில் ஆழங்கள் 9.4 மீட்டரிலிருந்து 11.6 மீட்டர் வரை மாறி மாறி இருந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் 387 மீட்டர். மீதி 45 மீட்டர் தரைக்கு மேல் நின்று வெட்டி எறியப்பட்ட துண்டுகள். பி.கியூ. விவரத்தை மீண்டும் படித்தபோது, பைலின் அடிமுனையிலிருந்து வெட்டும் மட்டம் வரை அளந்து பணம் தரப்படும் என்று அதில் தெளிவாக இருந்தது. எனவே எனக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய கணக்கு 387 மீட்டருக்கு 19,350 ரிங்கிட். மதிப்பீட்டைவிடக் கூடிய 3,150 ரிங்கிட் உண்மையான மிகைச்செலவு; அதற்கு மேல் கொடுத்த 2,250 ரிங்கிட் நான் கொடுக்க வேண்டியிராத பணம்.

உங்கள் ஒப்பந்தத்தில் அளவு முறை வேறாக இருக்கலாம்; கொண்டுவந்த முழு நீளத்துக்கும் பணம் என்று எழுதியிருந்தால் குத்தகையாளரின் பில்லே சரியானது. ஆகவே அந்த ஒரு வரியை வேலை தொடங்கும் முன் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். பைல் அடிக்கும் நாள்களில் மாலைதோறும் பதிவேட்டின் நகலைப் பொறியாளரின் ஆள் கையெழுத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். பைலின் மேல் அரை மீட்டருக்கு ஒரு கோடு சாயத்தால் போடச் சொல்லி, வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படமெடுங்கள். பதிவேட்டில் எல்லாப் பைல்களும் ஒரே ஆழம் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள், ஏனெனில் அடுத்தடுத்த இரண்டு பைல்கள்கூடச் சரியாக ஒரே ஆழத்தில் நிற்பது அரிது. இன்னும் நிலம் மட்டுமே கையில் உள்ளவர்கள், மதிப்பீடு வாங்கும் முன் நான்கைந்து இடங்களில் மெக்கின்டோஷ் புரோப் என்ற எளிய மண் சோதனையைச் செய்துகொண்டால், 9 மீட்டர் போன்ற ஊகத்துக்குப் பதிலாக நெருக்கமான ஓர் எண் பட்டியலில் ஏறும்.

5. வாய்ச்சொல்லில் வரும் மாற்றங்கள்

ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை நீங்கள் கேட்டால், அல்லது இருந்த வேலையை மாற்றினால், அதற்கு வி.ஓ. எனப்படும் மாற்ற ஆணை எழுதப்பட வேண்டும். நாங்கள் கார் நிறுத்தும் முகப்பை ஆறு அடி நீட்டச் சொன்னோம். என் மனைவி நிலத்தில் நின்றபடி கேட்க, குத்தகையாளர் தலையசைத்தார், அவ்வளவுதான் நடந்தது. ஏழு வாரங்கள் கழித்து 9,800 ரிங்கிட் என்று விலை வந்தபோது அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அந்த விலை அநியாயமானது என்று நான் சொல்லவில்லை. வேலை தொடங்கிவிட்டதால், அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நாங்கள் இழந்துவிட்டோம் என்பதுதான் நஷ்டம்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். எந்த மாற்றத்தைப் பேசினாலும் அன்று மாலையே வாட்ஸ்அப்பில், என்ன வேலை, பி.கியூ.வின் எந்த விலைப்படி, தோராயமாக எவ்வளவு, எத்தனை நாள் கூடும் என்பதை எழுதி அனுப்பி, "விலை ஒப்புக்கொண்டபின் தொடங்கவும்" என்று முடிப்போம். பேசிய உடனே தொகையை E கட்டத்தில் போடுவேன். கையெழுத்தானதும் D கட்டத்துக்கு மாற்றுவேன். சமையலறையில் ஒரு தடுப்புச்சுவரை நீக்கியதற்கு 1,900 ரிங்கிட் எங்களுக்குத் திரும்ப வர வேண்டியிருந்தது. கூடுதலுக்கு மட்டும் வி.ஓ. வரும், குறைவுக்கு யாரும் தானாக எழுதித் தரமாட்டார்கள். அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பொருள் விலை ஏறிவிட்டது என்ற காரணமும் அடிக்கடி வரும். நிலையான தொகை ஒப்பந்தத்தில், விலையேற்றத்தை வீட்டுக்காரர் ஏற்பார் என்ற விதி தனியாக எழுதப்படாதவரை, கம்பியும் சிமெண்டும் விலை ஏறினால் அது குத்தகையாளரின் பொறுப்பு. மனிதாபிமானத்தோடு ஏதாவது கொடுக்க நினைத்தால் கொடுங்கள். ஆனால் அதை வி.ஓ. என்று எழுதாமல், விலையேற்ற உதவி என்று தனி வரியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கோரிக்கையிலும் அதே விலை வழக்கமாகிவிடும்.

6. டைல் விலை: வேறுபாட்டை மட்டும் கொடுங்கள்

எங்கள் பி.கியூ.வில் டைலின் பி.சி. விலை சதுர அடிக்கு 3.50 ரிங்கிட். வீணாவதையும் சேர்த்து 2,200 சதுர அடிக்கு 7,700 ரிங்கிட் ஒப்பந்தத் தொகைக்குள்ளேயே இருந்தது. நாங்கள் கடையில் தேர்ந்தெடுத்த டைல் 6.20 ரிங்கிட். குத்தகையாளர் அனுப்பிய வி.ஓ. கோட்டேஷனில் 2,200 சதுர அடிக்கு 13,640 ரிங்கிட் கூடுதல் என்று இருந்தது. பெருக்கல் சரிதான், ஆனால் ஏற்கெனவே உள்ள 7,700 ரிங்கிட்டைக் கழிக்க அவர் மறந்திருந்தார். உண்மையான கூடுதல் 5,940 ரிங்கிட் மட்டுமே.

இது பொய்க்கணக்கு என்று நான் கருதவில்லை. அவருடைய கணக்காளர் கடையின் கோட்டேஷனை அப்படியே வி.ஓ. தாளுக்குப் பெயர்த்திருந்தார். சுட்டிக்காட்டியதும் ஐந்து நிமிடத்தில் திருத்தி அனுப்பினார். பி.சி. வரிகளில் வரும் ஒவ்வொரு வி.ஓ.விலும் "கழிவு" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்; இல்லையென்றால் கேளுங்கள்.

7. கட்டணக் கோரிக்கையை விழுக்காட்டால் அல்லாமல் வரிகளால் சரிபாருங்கள்

கோரிக்கைகள் எப்போதும் தொடக்கத்திலிருந்து சேர்த்துக் காட்டப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: இதுவரை முடிந்த மொத்த வேலை, குறைகள் சரியாகும்வரை அதில் நீங்கள் நிறுத்திவைக்கும் பிடித்தத் தொகை, ஏற்கெனவே பெற்றது, இப்போது தர வேண்டியது. இப்படி இருந்தால் முன்பு நடந்த தவறு அடுத்த கோரிக்கையிலேயே தானாகச் சரியாகும். பைலிங்கில் நான் கூடுதலாகக் கொடுத்ததும் அப்படித்தான் திரும்பி வந்தது.

எங்கள் நான்காவது கோரிக்கை இப்படி இருந்தது. முன்னேற்பாட்டுச் செலவுகள் 12,600, பைலிங் 24,600, கட்டமைப்பு 128,000, சுவர் வேலை 27,900. மொத்தம் 193,100 ரிங்கிட். கட்டமைப்பு நூறு விழுக்காடு முடிந்தது, சுவர் 45 விழுக்காடு என்பது அதன் பொருள். மாடித் தளம் வார்க்கப்பட்டு மேல்தூண்கள் நின்றதால் பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டமைப்பு முடிந்துவிட்டது போலவே இருந்தது. ஆனால் விழுக்காட்டை ஊகிப்பதை விட்டுவிட்டு பி.கியூ.வின் உள்வரிகளைப் பார்த்தால், கூரை பீம்களுக்கு 12,800 ரிங்கிட் தனியே இருக்கிறது. அந்த பீம்களுக்குப் பலகைகூட அடிக்கப்படவில்லை. எனவே கட்டமைப்பு 115,200. சுவர் பகுதியின் 62,000 ரிங்கிட்டில் செங்கல் கட்டுவது பாதி, பூச்சு பாதி. கீழ்த்தளச் செங்கல் மட்டுமே கட்டப்பட்டிருந்தது. அது செங்கல் வேலையில் பாதி என்பதால் 15,500 ரிங்கிட். மாடிக்கான செங்கல் முற்றத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததால் அதையும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். நிலத்தில் இறக்கிய பொருளுக்குப் பணம் தரும் விதி சில ஒப்பந்தங்களில் உண்டு; எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.

பைலிங்கை 22,350 ஆகத் திருத்தியபின், உண்மையில் முடிந்த வேலை 165,650 ரிங்கிட். பிடித்தத் தொகை ஒவ்வொரு கோரிக்கையிலும் 10 விழுக்காடு, ஆனால் மொத்தத்தில் ஒப்பந்தத் தொகையின் 5 விழுக்காட்டைத் தாண்டாமல், அதாவது 21,000 ரிங்கிட் வரை. மொத்த வரிசை 20ஆவதாகவும், குத்தகையாளருக்குக் கொடுத்த பணம் "கட்டணம்" என்ற தாளின் D கட்டத்திலும் இருந்தால், இப்போது தர வேண்டியதை இந்தச் சூத்திரம் சொல்லும்:

```
=H20-MIN(H20*10%,21000)-SUM('கட்டணம்'!D:D)
```

எங்களுக்கு வந்த விடை 36,585 ரிங்கிட். கோரிக்கையை அப்படியே ஏற்றிருந்தால் 61,290 ரிங்கிட் கொடுத்திருப்போம். முடியாத வேலைக்கு முன்கூட்டிக் கொடுப்பது மிகைச்செலவு இல்லைதான். ஆனால் வேலைக்கு முன்னால் பணம் ஓடிவிட்டால், பின்னால் வரும் உண்மையான மிகைச்செலவைப் பேசித் தீர்க்க உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. எனக்கு என் கணக்கில் முழு நம்பிக்கை இல்லாததால், கட்டுமான அளவுகளையும் செலவையும் கணக்கிடும் அளவை ஆய்வாளர் ஒருவரை அரை நாள் நிலத்துக்கு அழைத்து வந்து 400 ரிங்கிட் கொடுத்துச் சரிபார்த்தேன். அவருடைய தாளைப் பார்த்தபின் குத்தகையாளர் வாதாடவில்லை.

கோரிக்கை வந்ததும் அன்றே பணம் கொடுக்காமல் ஏழு நாள் எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் வையுங்கள். அதற்கு மேல் இழுக்காதீர்கள். சரிபார்த்த தொகையைக் காலத்தோடு கொடுக்கும் வீட்டுக்காரரின் கேள்விகளுக்குக் குத்தகையாளர் பொறுமையாகப் பதில் சொல்வார்.

8. மாதம் ஒருமுறை இறுதித் தொகையைக் கணக்கிடுங்கள்

நான்காவது கோரிக்கைக்குப் பணம் கொடுத்தபின் நாங்கள் செலுத்தியது மொத்தம் 149,085 ரிங்கிட், அதாவது ஒப்பந்தத் தொகையில் சுமார் 35 விழுக்காடு. அதே நாளில் G கட்டத்தின் மொத்தம் காட்டியது வேறு. மூல மதிப்பீடு 420,000, பைலிங் கூடுதல் 3,150, முகப்பு 9,800, டைல் 5,940, நாங்கள் கேட்ட கூடுதல் மின்முனைகள் பதினான்குக்கு, ஒவ்வொன்றும் 95 ரிங்கிட் வீதம் 1,330, நீக்கிய சுவருக்குக் கழிவு 1,900. ஆக 438,320 ரிங்கிட். ஒதுக்கி வைத்த 21,000 ரிங்கிட்டில் மிஞ்சியது 2,680 ரிங்கிட் மட்டுமே. கூரை, கதவு, சாயம், வெளிவேலை எல்லாம் இன்னும் தொடங்கவே இல்லை.

அந்த எண்ணைக் கண்டதால்தான் எங்களால் ஒரு முடிவெடுக்க முடிந்தது. டைல் இன்னும் வாங்கப்படவில்லை என்பதால், கீழ்த்தளத்துக்கு மட்டும் 6.20 ரிங்கிட் டைலை வைத்துக்கொண்டு, மாடியின் 1,100 சதுர அடிக்கு மூல விலையான 3.50 ரிங்கிட் டைலுக்கே திரும்பினோம். 2,970 ரிங்கிட் குறைந்து, இறுதி எதிர்பார்ப்பு 435,350 ஆக இறங்கியது. கையிருப்பு 5,650 ரிங்கிட்டாக உயர்ந்தது. முகப்பையோ பைலையோ அப்போது எதுவும் செய்திருக்க முடியாது. அவை கான்கிரீட்டாக மாறிவிட்டிருந்தன. ஆகவே மாதக் கணக்கைப் பார்க்கும்போது, இன்னும் வாங்கப்படாத, இன்னும் கட்டப்படாத வரிகளைத் தனியே பாருங்கள். குறைக்க முடிந்தது அங்கே மட்டும்தான் இருக்கிறது.

9. கடைசிக் கணக்கைச் சாவி வாங்கும் முன் முடியுங்கள்

வேலை முடியும் தறுவாயில் எல்லா வி.ஓ.க்களையும், தற்காலிக அளவுகளையும், பி.சி. வேறுபாடுகளையும் ஒரே தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திடும் இறுதிக் கணக்காக ஆக்குங்கள். இதைத் தள்ளிப்போடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டில் குடியேறத் தேவையான சி.சி.சி. சான்றிதழை உங்கள் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழங்குவதற்கு முன், G1 முதல் G21 வரையிலான பாரங்களில் அந்தந்த வேலையைச் செய்தவர்கள் கையெழுத்திட வேண்டும். பணத் தகராறு தீராத நிலையில் அந்தக் கையெழுத்துகள் தாமதமானால், கட்டி முடித்த வீடு பூட்டியே கிடக்கும்.

தகராறு முற்றினால், கட்டுமானத் தொழிலுக்கென்று 2012இல் இயற்றப்பட்ட விரைவுத் தீர்ப்புச் சட்டத்தை நாட முடியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தனிநபர் ஒருவர் முழுவதும் தம் சொந்தக் குடியிருப்புக்காகவே கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நீதிமன்றம் போக நேர்ந்தால் அங்கே எடுபடுவது கையெழுத்திட்ட பி.கியூ., வி.ஓ.க்கள், பைலிங் பதிவேடு, வாட்ஸ்அப் செய்திகள், ரசீதுகள் ஆகியவையே.

பிடித்தத் தொகையில் பாதியை வேலை முடிந்ததும், மீதிப் பாதியைக் குறைதீர்ப்புக் காலம் முடிந்து குறைகள் சரிசெய்யப்பட்டபின் கொடுப்பது வழக்கம். அந்தக் காலம் எத்தனை மாதம் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து, அது முடிவதற்கு ஒரு மாதம் முன்பே, நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் கூரை, ஜன்னல் ஓரங்கள், குளியலறைக்குக் கீழுள்ள கூரைத்தட்டு ஆகியவற்றைப் பார்த்துக் குறைகளை எழுதி அனுப்புங்கள். எங்களுக்கு மாடிக் குளியலறையின் கீழே ஈரக்கறை ஒன்று தெரிந்தது. 10,500 ரிங்கிட் இன்னும் எங்கள் கையில் இருந்ததால், நான்கு நாளில் ஆள் வந்து டைலைப் பெயர்த்துச் சரிசெய்து கொடுத்தார்கள்.